கிடங்குக் கொள்ளளவின் நிழல் விலை: சால்வரின் உணர்திறன் அறிக்கையைப் படிக்கும் முறை

எக்செல் சால்வர் ஒரு கணக்கைத் தீர்த்து முடித்ததும், எந்தக் கிடங்கிலிருந்து எந்த ஊருக்கு எத்தனை பெட்டி அனுப்ப வேண்டும் என்பது தாளிலேயே தெரிந்துவிடுகிறது. கிடங்கை நடத்துபவர் அடுத்துக் கேட்பது வேறு கேள்வி. இன்னும் கொஞ்சம் இடம் கிடைத்தால் செலவு எவ்வளவு குறையும், அந்த இடத்துக்கு எவ்வளவு வரை கொடுக்கலாம், உள்ள இடத்தில் ஒரு பகுதி பழுதாகி மூடப்பட்டால் என்ன ஆகும் என்பவையே அவருக்கு வேண்டும். இவற்றுக்கான விடை `Sensitivity Report` என்ற தனித்தாளில் இருக்கிறது. அந்தத் தாளில் கொள்ளளவுக்குரிய வரிகளை மட்டும் எடுத்துக்கொண்டு, ஒரு சிறு கணக்கின் வழியாக அவற்றைப் படிக்கும் முறையை இங்கே விளக்குகிறேன். கணக்கு சிறியது என்பதால் ஒவ்வொரு எண்ணையும் கையாலேயே சரிபார்க்க முடியும். முதன்முறை படிப்பவர்கள் அப்படிச் சரிபார்த்துக்கொண்டே போவது நல்லது.

கணக்கு

இரண்டு கிடங்குகள் மூன்று விற்பனை மையங்களுக்குப் பெட்டிகளை அனுப்புகின்றன. கிடங்கு 1 வாரத்துக்கு 500 பெட்டிகளைக் கையாளும். கிடங்கு 2 வாரத்துக்கு 700 பெட்டிகளைக் கையாளும். வடக்கு மையத்துக்கு 300, கிழக்கு மையத்துக்கு 400, தெற்கு மையத்துக்கு 350 பெட்டிகள் தேவை. ஒரு பெட்டியை அனுப்பும் செலவு, ஏதோ ஒரு நாணயத்தின் அலகில், பின்வருமாறு இருக்கிறது.

```
             வடக்கு   கிழக்கு   தெற்கு
கிடங்கு 1       4        6        9
கிடங்கு 2       7        8       10
```

மூன்று மையங்களுக்கும் கிடங்கு 1 மலிவானது என்றாலும், அந்த மலிவு எல்லா இடத்துக்கும் ஒரே அளவில் இல்லை என்பதைக் கவனியுங்கள். கிடங்கு 2-க்குப் பதிலாகக் கிடங்கு 1-இலிருந்து அனுப்பினால் வடக்குக்கு ஒரு பெட்டிக்கு 3 அலகும், கிழக்குக்கு 2 அலகும், தெற்குக்கு 1 அலகும் மிச்சமாகின்றன. இந்த மூன்று எண்களையும் நினைவில் வைத்துக்கொண்டால், அறிக்கையில் வரும் நிழல் விலை, அதாவது ஒரு பெட்டிக்கான இடம் கூடினால் செலவு எவ்வளவு மாறும் என்று சொல்லும் எண், எங்கிருந்து வந்தது என்பது பின்னால் தானாகவே விளங்கும்.

தாளை அமைத்துத் தீர்த்தல்

செலவு அட்டவணையை `B2:D3` கலங்களில் இடுங்கள். அனுப்பும் அளவுகளுக்கு `B6:D7` கலங்களை வெறுமையாக விட்டுவிடுங்கள். சால்வர் மாற்றப்போவது இவற்றைத்தான். கொள்ளளவுகளை `G6:G7` கலங்களிலும், தேவைகளை `B9:D9` கலங்களிலும் எழுதிய பின், கீழ்க்காணும் வாய்பாடுகளை உரிய கலங்களில் இட்டு, முதலாவதை `E7` வரையும் இரண்டாவதை `D8` வரையும் நகலெடுங்கள்.

```
E6:   =SUM(B6:D6)
B8:   =SUM(B6:B7)
B12:  =SUMPRODUCT(B2:D3,B6:D7)
```

வரிசைகளின் இடப்பக்கத்திலும் நெடுவரிசைகளின் தலையிலும் பெயர்களைக் கட்டாயம் எழுதிவையுங்கள். அறிக்கையின் `Name` நெடுவரிசையில் வரும் பெயரை, ஒரு கலத்துக்கு இடப்பக்கத்தில் உள்ள எழுத்தையும் மேலே உள்ள எழுத்தையும் சேர்த்துச் சால்வர் தானே உருவாக்குகிறது. பெயர் எழுதாத தாளிலிருந்து வரும் அறிக்கையில் எந்த வரி எந்தக் கிடங்குக்குரியது என்பதைக் கலமுகவரியை வைத்துத் தேட வேண்டியிருக்கும். கணக்கு பெரிதாகும்போது அது தவறுக்கு வழிவகுக்கும்.

`Data` பட்டியில் `Solver` சாளரத்தைத் திறந்து, இலக்குக் கலமாக `B12`-ஐக் கொடுத்து `Min` என்பதைத் தேர்ந்தெடுங்கள். மாறும் கலங்கள் `B6:D7`. கட்டுப்பாடுகள் இரண்டு மட்டுமே.

```
E6:E7 <= G6:G7
B8:D8 >= B9:D9
```

`Make Unconstrained Variables Non-Negative` என்ற பெட்டி குறியிடப்பட்டிருக்க வேண்டும். தீர்க்கும் முறையாக `Simplex LP`-ஐத் தேர்ந்தெடுக்க மறக்காதீர்கள். சால்வர் வழக்கமாகக் காட்டும் `GRG Nonlinear` முறையை அப்படியே விட்டுவிட்டால், விடை சரியாகவே வரக்கூடும். ஆனால் அறிக்கையில் நிழல் விலைக்குப் பதிலாக `Lagrange Multiplier` என்ற தலைப்பு மட்டும் வரும், அந்த விலை எதுவரை செல்லும் என்று சொல்லும் அனுமதிக்கப்பட்ட வரம்புகள் வரவே மாட்டா. வரம்பு இல்லாத நிழல் விலையை வைத்துக்கொண்டு எதையும் துணிந்து முடிவுசெய்ய முடியாது.

`Solve` அழுத்தியதும் வரும் `Solver Results` சாளரத்தில், `Reports` பட்டியலில் உள்ள `Sensitivity` என்பதைத் தேர்ந்தெடுத்து, அதன் பிறகே `OK` கொடுக்க வேண்டும். அவசரத்தில் நேராக `OK` கொடுத்துவிட்டால் அறிக்கை உருவாகாது; மறுபடியும் தீர்க்க வேண்டும். மாறும் கலங்கள் முழு எண்களாக இருக்க வேண்டும் என்று `int` கட்டுப்பாடு இட்டிருந்தாலும் இந்த அறிக்கை கிடைக்காது, ஏனென்றால் முழு எண் கணக்குகளுக்கு நிழல் விலை பொருள் தருவதில்லை. நம் கணக்கில் கொள்ளளவும் தேவையும் முழு எண்கள் என்பதால், இத்தகைய போக்குவரத்துக் கணக்கின் அமைப்பே முழு எண் விடையைத் தந்துவிடும், `int` தேவையில்லை.

விடை இப்படி வரும். கிடங்கு 1 வடக்குக்கு 300 பெட்டிகளையும் கிழக்குக்கு 200 பெட்டிகளையும் அனுப்பி நிறைந்துவிடுகிறது. கிடங்கு 2 கிழக்குக்கு மீதி 200 பெட்டிகளையும் தெற்குக்கு 350 பெட்டிகளையும் அனுப்புகிறது. மொத்தச் செலவு 7500.

அறிக்கையின் கீழ்ப்பகுதி

அறிக்கைத் தாளில் இரண்டு அட்டவணைகள் இருக்கும். மேலே உள்ளது மாறும் கலங்களைப் பற்றியது. அதில் அனுப்பாமல் விடப்பட்ட வழிகளுக்கு `Reduced Cost` 1 என்று காட்டப்படும். அந்த வழியில் ஒரு பெட்டியைக் கட்டாயமாக அனுப்பினால் மொத்தச் செலவு 1 அலகு கூடும் என்பதே அதன் பொருள். கொள்ளளவைப் பற்றிய செய்தி கீழ் அட்டவணையில் இருக்கிறது. கலமுகவரிகளை நீக்கி அதைத் தருகிறேன்.

```
Name                  Final  Shadow  Constraint  Allowable  Allowable
                      Value  Price   R.H. Side   Increase   Decrease
கிடங்கு 1 அனுப்பியது    500     -2       500         200        150
கிடங்கு 2 அனுப்பியது    550      0       700       1E+30        150
பெற்றது வடக்கு          300      6       300         150        200
பெற்றது கிழக்கு         400      8       400         150        200
பெற்றது தெற்கு          350     10       350         150        350
```

ஒவ்வொரு வரியிலும் முதலில் `Final Value`, `Constraint R.H. Side` ஆகிய இரண்டையும் ஒப்பிடுங்கள். கிடங்கு 1-இல் இரண்டும் 500. அதாவது இடம் முழுவதும் தீர்ந்துவிட்டது. கிடங்கு 2-இல் 700-க்கு 550 மட்டுமே பயன்பட்டிருக்கிறது. 150 பெட்டிகளுக்கான இடம் சும்மா கிடக்கிறது. மிச்சமுள்ள இடத்தின் நிழல் விலை எப்போதும் பூச்சியம்தான். ஏற்கெனவே பயன்படாத இடம் இருக்கும்போது, மேலும் இடம் தருவதால் செலவு குறையப்போவதில்லை.

கழித்தல் இரண்டு என்பதன் பொருள்

நிழல் விலை என்பது, கட்டுப்பாட்டின் வலப்பக்க எண் ஓர் அலகு கூடும்போது இலக்குக் கலத்தின் மதிப்பு எவ்வளவு மாறும் என்பதாகும். கிடங்கு 1-இன் கொள்ளளவு 500-இலிருந்து 501 ஆனால், மொத்தச் செலவு 7500-இலிருந்து 7498 ஆகும். நாம் செலவைக் குறைக்கும் கணக்கைத் தீர்ப்பதால், கழித்தல் குறி இங்கே நல்ல செய்தி. இலாபத்தைக் கூட்டும் கணக்காக இருந்திருந்தால் அதே பயன் கூட்டல் குறியுடன் வந்திருக்கும். குறியை மட்டும் பார்த்து நன்மை தீமையை முடிவுசெய்யாமல், இலக்கு `Min`-ஆ `Max`-ஆ என்பதை முதலில் உறுதிசெய்துகொள்ளுங்கள்.

இந்த 2 எங்கிருந்து வந்தது? கிடங்கு 1-இல் இன்னும் ஒரு பெட்டிக்கு இடம் கிடைத்தால், அந்த இடத்தை யார் எடுத்துக்கொள்வார்கள் என்று பார்க்க வேண்டும். அதிக மிச்சம் தரும் வடக்கின் 300 பெட்டிகளும் ஏற்கெனவே உள்ளே வந்துவிட்டன. அடுத்த தகுதி கிழக்குக்கு. ஆகவே கிழக்குக்குப் போகும் ஒரு பெட்டி கிடங்கு 2-இலிருந்து கிடங்கு 1-க்கு மாறும். 8 அலகு செலவு 6 அலகாகக் குறையும். வேறு எதுவும் மாறாது. நிழல் விலை வடக்கின் 3 ஆகவோ, 3, 2, 1 ஆகியவற்றின் சராசரியாகவோ இல்லாமல், வாசலில் அடுத்து நிற்கும் பெட்டியின் மிச்சமாக இருப்பதற்குக் காரணம் இதுதான்.

வடக்கு மையத்தின் வரியிலும் இதே விலை ஒளிந்திருக்கிறது. கிடங்கு 1-இலிருந்து வடக்குக்கு அனுப்பும் செலவு 4 தானே, நிழல் விலை ஏன் 6 என்று முதன்முறை பார்ப்பவர்கள் குழம்புவதுண்டு. வடக்குக்கு ஒரு பெட்டி கூடுதலாகத் தேவைப்பட்டால், அது கிடங்கு 1-இல் நுழைந்து 4 அலகுக்கு அனுப்பப்படும். ஆனால் கிடங்கு நிறைந்திருப்பதால், கிழக்குக்கான ஒரு பெட்டி வெளியேறிக் கிடங்கு 2-க்குப் போய் 2 அலகு கூடுதல் செலவை உண்டாக்கும். நாலும் இரண்டும் சேர்ந்து ஆறு. வடக்கு மையத்திடம் கூடுதல் பெட்டிக்கு 5 அலகு வாங்கிக்கொண்டு இலாபம் என்று நினைப்பவர், உண்மையில் ஒவ்வொரு பெட்டிக்கும் 1 அலகு இழக்கிறார்.

நிழல் விலையின் அலகையும் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். நம் கணக்கு ஒரு வாரத்துக்கானது. ஆகவே 2 என்பது வாரத்துக்கு ஒரு பெட்டி இடத்தின் மதிப்பு. கூடுதல் இடத்துக்கு ஆண்டு வாடகை கேட்கப்பட்டால், அதை வாரக் கணக்குக்கு மாற்றிய பிறகே ஒப்பிட வேண்டும். இன்னொன்றும் உண்டு. செலவு அட்டவணையின் 4, 6, 9 ஆகியவற்றில் கிடங்குக்குள் பெட்டியைக் கையாளும் கூலி ஏற்கெனவே சேர்க்கப்பட்டிருந்தால், அந்தக் கூலி நீங்கிய பிறகு மிஞ்சுவதே இந்த 2. அதே கூலியை மறுபடியும் கழித்தால் ஒரே செலவை இரண்டு முறை எண்ணியதாகும்.

வரம்பு இல்லாமல் விலை இல்லை

என்னைக் கேட்டால், கிடங்கு 1-இன் வரியில் மிகவும் பயனுள்ள எண் -2 அன்று. அதற்கு வலப்பக்கத்தில் உள்ள 200, 150 என்ற இரண்டும்தான். கொள்ளளவு 500-இலிருந்து 200 வரை கூடினாலும் 150 வரை குறைந்தாலும், அதாவது 350 முதல் 700 வரை, ஒவ்வொரு பெட்டி இடத்தின் மதிப்பும் 2 அலகாகவே இருக்கும் என்று அவை சொல்கின்றன. அந்த எல்லைக்கு வெளியே என்ன நடக்கும் என்பதைப் பற்றி அறிக்கை எதுவும் சொல்வதில்லை.

மேல் எல்லை ஏன் 200? கிடங்கு 2-இலிருந்து கிழக்குக்குப் போய்க்கொண்டிருப்பவை 200 பெட்டிகள். கிடங்கு 1-இல் இடம் கூடக் கூட அவை ஒவ்வொன்றாக மாறும். 200-உம் மாறி முடிந்த பின், அடுத்து மாறக்கூடியவை தெற்கின் பெட்டிகள். அவற்றின் மிச்சம் 1 அலகு மட்டுமே. ஆகவே 700-க்கு மேல் நிழல் விலை -1 ஆகிவிடும்.

இதைக் கவனிக்காமல் எடுக்கும் முடிவு எப்படித் தவறும் என்று பாருங்கள். கிடங்கு 1-ஐ ஒட்டி 150 பெட்டிகளுக்கான இடம் வாரம் 250 அலகு வாடகைக்குக் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 150 என்பது வரம்புக்குள் இருக்கிறது. மிச்சம் 300, வாடகை 250, நிகரப் பயன் வாரத்துக்கு 50. எடுத்துக்கொள்ளலாம். அதே உரிமையாளர் 300 பெட்டிகளுக்கான இடத்தை வாரம் 550-க்குத் தருகிறார் என்றால், 300-ஐ 2-ஆல் பெருக்கி 600 என்று எண்ணி இதிலும் 50 இலாபம் என்று ஒருவர் சொல்லிவிடக்கூடும். முதல் 200 பெட்டிகள் 400 அலகையும், அடுத்த 100 பெட்டிகள் 100 அலகையும் மட்டுமே மிச்சப்படுத்தும். மொத்தம் 500, வாரத்துக்கு 50 நட்டம். கொள்ளளவை 800 ஆக மாற்றித் தீர்த்துப் பார்த்தால் செலவு 7000 என்று வருவதே இதற்குச் சான்று.

கீழ் எல்லையின் தன்மை வேறு. கொள்ளளவு 150 குறைந்து 350 ஆகும்வரை ஒவ்வொரு பெட்டிக்கும் 2 அலகு வீதம் செலவு கூடும். ஏனென்றால் வெளியேறும் பெட்டிகளுக்குக் கிடங்கு 2-இல் சும்மா கிடக்கும் இடம் 150 மட்டுமே. அதற்கும் கீழே போனால் இரு கிடங்குகளின் மொத்தக் கொள்ளளவு 1050 என்ற மொத்தத் தேவைக்குக் குறைந்துவிடும். அப்போது நிழல் விலை மாறுவதோடு நில்லாமல், கணக்குக்கே விடை இல்லாமல் போய், சால்வர் `Solver could not find a feasible solution.` என்று அறிவிக்கும். ஒரு வரம்பின் முனையில் செலவு வீதம் மாறுகிறதா, அல்லது திட்டமே நின்றுபோகிறதா என்பதை அறிக்கை பிரித்துக் காட்டாது. முனையைத் தாண்டிய ஓர் எண்ணைக் கொடுத்துத் தீர்த்துப் பார்த்துத்தான் அறிய வேண்டும்.

கிடங்கு 2-இன் வரியில் உள்ள `1E+30` என்பது எல்லையில்லை என்பதைக் குறிக்கும் எண். எவ்வளவு இடம் கூட்டினாலும் பயன் பூச்சியமே. ஆனால் அதே வரியின் வலக்கோடியில் உள்ள 150-ஐப் பார்க்காமல், நிழல் விலை பூச்சியம் என்பதால் அந்தக் கிடங்கைச் சுருக்கிவிடலாம் என்று முடிவுசெய்யக் கூடாது. 150 பெட்டிகளுக்கான இடத்தை மட்டுமே செலவில்லாமல் விட்டுக்கொடுக்க முடியும். அதன் பிறகு இங்கும் விடையில்லாத நிலைதான்.

இரண்டு எண்கள் ஒரே நேரத்தில் மாறினால்

அறிக்கையின் ஒவ்வொரு வரம்பும், மற்ற எண்கள் எல்லாம் அசையாமல் இருக்கும்போது மட்டுமே செல்லும். கிடங்கு 1-இல் 100 பெட்டிகளுக்கான இடம் பழுதுபார்ப்புக்காக மூடப்படுகிறது. அதே வாரத்தில் வடக்கின் தேவை 100 கூடுகிறது. தனித்தனியே பார்த்தால் இரண்டும் 150 என்ற எல்லைக்குள் இருக்கின்றன. சேர்த்துப் பார்த்தால் கொள்ளளவு 1100, தேவை 1150, விடை இல்லை.

இதை முன்கூட்டியே கண்டுகொள்ள நூறு விழுக்காட்டு விதி உதவும். ஒவ்வொரு மாற்றத்தையும் அதற்குரிய அனுமதிக்கப்பட்ட அளவால் வகுத்துக் கூட்டுங்கள். கூட்டுத்தொகை 1-ஐத் தாண்டாவிட்டால், நிழல் விலைகளை அப்படியே பயன்படுத்தலாம். இங்கே 100/150-ஐ இருமுறை கூட்டினால் 1.33 வருகிறது. 1-ஐத் தாண்டினால் நிழல் விலை தவறிவிடும் என்று விதி சொல்வதில்லை. சரியாக இருக்கும் என்ற உறுதி போய்விடுகிறது, அவ்வளவே. அந்த நிலையில் மீண்டும் தீர்ப்பதுதான் முறை.

நம்புவதற்கு முன் பார்க்க வேண்டியவை

அனுமதிக்கப்பட்ட உயர்விலோ குறைவிலோ 0 தென்பட்டால் நின்று கவனியுங்கள். கிடங்கு 1-இன் கொள்ளளவு 700 என்று கொடுத்துத் தீர்த்தால் இந்த நிலை வரும். அப்போது நிழல் விலை -2 என்றும் உயர்வு 0, குறைவு 350 என்றும் வரலாம். அல்லது -1 என்றும் உயர்வு 350, குறைவு 0 என்றும் வரலாம். இரண்டும் சரிதான். 700 என்பது வீதம் மாறும் முனையிலேயே நிற்பதால், இடத்தைக் கூட்டுவதற்கு ஒரு விலையும் குறைப்பதற்கு வேறொரு விலையும் இருக்கின்றன. சால்வர் அவற்றில் ஒன்றைத்தான் காட்டும். எந்தப் பக்கம் 0 இருக்கிறதோ அந்தப் பக்கத்துக்கு அந்த விலை செல்லாது.

ஒரு கிடங்கின் கொள்ளளவு வரி அறிக்கையில் இல்லவே இல்லை என்றால், அந்தக் கட்டுப்பாடு மாறும் கலத்தின்மீதே நேரடியாக இடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஒரு கிடங்கு ஒரே இடத்துக்கு மட்டும் அனுப்பும் கணக்குகளில் இது எளிதில் நேரும். மாறும் கலத்துக்கு நேராக இட்ட மேல் எல்லையைச் சால்வர் தனிக் கட்டுப்பாடாக எண்ணுவதில்லை. அதன் விலை மேல் அட்டவணையில் `Reduced Cost` என்ற தலைப்பின்கீழ் போய்விடும், அதற்கான வரம்பும் கிடைக்காது. அந்தக் கலத்தின் மதிப்பை வேறொரு கலத்தில் ஒரு வாய்பாட்டால் எடுத்து, அந்தக் கலத்தின்மீது கட்டுப்பாட்டை இட்டால் வரி திரும்ப வந்துவிடும்.

நிழல் விலை 0 என்று தெரியும் இடங்களில் தசம இடங்களையும் கூட்டிப் பாருங்கள்; 0.4 என்பது வட்டமாக்கப்பட்டு 0 ஆகத் தோன்றியிருக்கலாம். கட்டுப்பாடு முழுவதும் தீர்ந்திருந்தும் விலை 0 என்று காட்டினால் இந்த ஐயம் கட்டாயம் எழ வேண்டும்.

அறிக்கைத் தாள் உருவான நொடியோடு நின்றுவிடும் ஒரு படம் என்பதையும் மறக்க வேண்டாம். செலவையோ தேவையையோ பின்னர் மாற்றினால், பழைய தாளில் உள்ள எண்கள் தாமாக மாறுவதில்லை. புதிதாகத் தீர்த்ததும் `Sensitivity Report 2` என்று வேறொரு தாள் வரும். பழையதை நீக்கிவிடுவதே பாதுகாப்பு.

வரம்புக்கு அப்பாலும் விலை தெரிய வேண்டுமென்றால், கொள்ளளவை ஒவ்வொரு எல்லைக்கும் சற்று அப்பால் வைத்துத் தீர்த்து, அடுத்த அறிக்கையை எடுங்கள். கிடங்கு 1-க்கு 701 என்று கொடுத்தால், விலை -1 என்றும், உயர்வு 349 என்றும், குறைவு 1 என்றும் வரும். அதாவது அந்த வீதம் 700 முதல் 1050 வரை செல்லும். 1051 என்று கொடுத்தால் விலை 0. எல்லாப் பெட்டிகளும் கிடங்கு 1-இலிருந்தே போய், செலவு 6750-இல் நின்றுவிடும். இப்படி மூன்று முறை தீர்த்ததில், 350 முதல் 700 வரை ஒரு பெட்டி இடத்துக்கு 2 அலகு, 700 முதல் 1050 வரை 1 அலகு, அதற்கு மேல் ஒன்றுமில்லை என்ற முழு விலைப்பட்டியல் கையில் இருக்கும். இடம் தருபவர் எந்த அளவைச் சொன்னாலும், அதற்கு வாரத்துக்கு எவ்வளவு வரை கொடுக்கலாம் என்பதை இதிலிருந்தே கூட்டிச் சொல்லிவிடலாம்.